மேடைப் போட்டியில் வரிசை, வருகை நேரம், மதிப்பெண் தாள்: எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது?

பள்ளிக் கலைவிழாவில் மேடைப் போட்டிகளைப் பொறுப்பேற்று நடத்தும் ஆசிரியர்கள் மூன்று கேள்விகளில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். யார் முதலில், யார் கடைசியில் என்ற குலுக்கலை எப்போது போடுவது? போட்டியாளர்களை எத்தனை மணிக்கு வரச் சொல்வது? நடுவரிடமிருந்து மதிப்பெண் தாளை எப்போது வாங்கி, எப்படிக் கூட்டுவது? பெரும்பாலும் இந்த மூன்றையும் மூன்று பேர் தனித்தனியாக முடிவு செய்கிறார்கள். குலுக்கலை விழாக்குழு முடிவு செய்யும், வருகை நேரத்தை மேடைப் பொறுப்பாளர் எழுதுவார், தாளை யாரோ போன வருடக் கோப்பிலிருந்து எடுத்து நகலெடுப்பார்கள். ஒன்றில் கைவைத்தால் மற்ற இரண்டும் ஆட்டம் காணும் என்பது போட்டி நாளன்றுதான் தெரியவரும்.

பேச்சை நேராக வைத்துக்கொள்ள ஒரே ஒரு போட்டியை எடுத்துக்கொள்வோம். தனிநபர் நடனம், 18 போட்டியாளர்கள், 3 நடுவர்கள். ஒருவருக்கு மேடையில் 5 நிமிடம், அடுத்தவர் ஏறவும் நடுவர்கள் எழுதவும் 2 நிமிடம். காலை 9.30-க்கு முதல் நிகழ்ச்சி. நடனத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், ஒப்பனையும் உடையும் இருப்பதால் காத்திருப்பின் பாரம் இதில்தான் அதிகம். பேச்சுப் போட்டிக்கும் பாட்டுப் போட்டிக்கும் இதே கணக்கைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளலாம்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், வரிசையில் முன்னால் வருபவருக்கு எவ்வளவு நட்டம் என்பது. இது வெறும் மனக்குறை அல்ல. பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ராணி எலிசபெத் இசைப் போட்டியின் இறுதிச் சுற்றில் 12 பேர், மாலைக்கு இருவராக ஆறு மாலைகள் வாசிப்பார்கள். வரிசை குலுக்கலில் வருவது. அதன் முடிவுகளை ஆராய்ந்து 1996-இல் வெளியான கட்டுரை, முதல் நாளில் வாசித்தவர்கள் பின்தங்குவதையும் ஐந்தாம் நாளில் வாசித்தவர்கள் முன்னேறுவதையும் காட்டியது. குலுக்கல் நேர்மையாக இருந்தால் இப்படி ஒரு சாய்வு வரவே கூடாது. 2005-இல் யூரோவிஷன் பாட்டுப் போட்டியையும் பனிச்சறுக்கு நடனப் போட்டிகளையும் வைத்துச் செய்த ஆய்விலும் பின்னால் வந்தவர்களுக்கே மதிப்பெண் கூடியிருந்தது. ஒவ்வொருவரும் முடித்தவுடன் மதிப்பெண் போட்டாலும், எல்லாரும் முடித்த பிறகு போட்டாலும் சாய்வு இருந்தது என்பதுதான் அதில் நாம் கவனிக்க வேண்டியது. தேர்ந்த நடுவர்களிடமே இப்படி என்றால், பள்ளி மேடையில் இது இருக்காது என்று நம்ப இடமில்லை. முதலில் ஆடுபவருக்கு நடுவர் கையை இறுக்கிப் பிடித்துத்தான் போடுவார். பின்னால் இன்னும் நன்றாக ஆடுபவர் வந்தால் இடம் வேண்டுமே என்ற எண்ணம் அது.

இரண்டாவது, வந்து பதிந்த நேரத்திலிருந்து மேடை ஏறும் வரை ஒரு பிள்ளை எவ்வளவு நேரம் உடையோடும் ஒப்பனையோடும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது. மூன்றாவது, மேடை சும்மா கிடக்குமா என்பது. நான்காவது, முடிவு வந்த பிறகு ஒரு பெற்றோர் வந்து கேட்டால், தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாக விளக்க முடியுமா என்பது. வேறு அளவுகோல்களும் சொல்லலாம். ஆனால் சண்டை வருவதெல்லாம் இந்த நான்கில்தான்.

## வரிசையும் வருகை நேரமும்

### வழி 1: எல்லாரும் ஒரே நேரத்தில், குலுக்கல் அங்கேயே

18 பேரும் 9 மணிக்கு வந்துவிட வேண்டும். மேடைக்குப் பின்னால் ஒரு பெட்டியில் 1 முதல் 18 வரை சீட்டுகள். எடுத்த எண்தான் வரிசை, அதுவே நடுவர் பார்க்கும் குறியீட்டு எண்.

இதன் பலம், யாராலும் எதையும் முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியாது என்பது. நடுவருக்கு எந்த எண் எந்தப் பள்ளி என்பது தெரியாது. போட்டியாளருக்குத் தன் முறை தெரியாது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. சின்னப் போட்டிக்கு, 8 பேர் வரை, இதைவிட எளிய வழி கிடையாது.

18 பேர் என்றால் கணக்கு மாறிவிடுகிறது. கடைசியாக ஆடுபவருக்கு முன்னால் 17 பேர், ஒருவருக்கு 7 நிமிடம். 119 நிமிடம் ஆகும். அவர் மேடை ஏறுவது 11.29-க்கு. 9 மணிக்கே வந்துவிட்டதால் காத்திருப்பு மொத்தம் இரண்டரை மணி நேரம். அதைவிடப் பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. யாருக்கும் தன் முறை தெரியாததால் 18 பேரும் முதலாவதாக ஆடத் தயாராகவே வர வேண்டும். அதனால் கடைசியில் ஆடப்போகும் பிள்ளையும் விடிவதற்குள் ஒப்பனைக்கு உட்கார்ந்திருக்கும். ஒன்பது மணிக்குச் சூடான உடம்பு பதினொன்றரைக்குள் ஆறிப்போகும். வியர்வையில் கண்மை கலங்கியிருக்கும், சதங்கைக் கட்டு தளர்ந்திருக்கும். வரிசையில் பின்னால் வருவதால் கிடைக்கும் ஆதாயத்தில் ஒரு பகுதி இப்படிக் கழிந்துவிடுகிறது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஒரு அநியாயத்தை இன்னொன்றால் ஈடுகட்டுவதை நான் ஏற்கவில்லை.

### வழி 2: முந்தைய நாளே குலுக்கி, பெயருக்கு எதிரே நேரம்

அணிப் பொறுப்பாசிரியர்களைக் கூட்டி முந்தைய நாள் குலுக்கி, வரிசையை நேரத்தோடு ஒட்டிவிடுவது. 12-ஆவது ஆள் 10.47-க்கு ஆடுவார், 10.15-க்கு வந்தால் போதும்.

காத்திருப்பு ஏறக்குறைய அரை மணிக்குச் சுருங்கிவிடும். இன்னொரு மேடையில் அதே பிள்ளைக்கு வேறு போட்டி இருந்தால், மோதலை முந்தைய நாளே கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். பிள்ளைகள் ஒன்றுக்கு மேற்பட்ட போட்டிகளில் பெயர் கொடுக்கும் விழாவில் இது பெரிய லாபம்.

ஆனால் ஒட்டிய பட்டியலை யார் வேண்டுமானாலும் படம் எடுத்து அனுப்பலாம். நடுவர் கைக்கு அது போய்விட்டால் குறியீட்டு எண்ணுக்குப் பொருளே இல்லை. அடுத்தது, தனக்கு எண் 1 என்று முந்தைய நாளே தெரிந்துகொண்ட பள்ளி என்ன செய்யும்? “வண்டி வரத் தாமதம்” என்று சொல்லிப் பின்னால் போகப் பார்க்கும். இதை நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. மூன்றாவதாக, நிமிடக் கணக்கு நேரம் பாதி மேடைகளில் பத்து மணிக்கே பொய்த்துவிடும். இசைக் கோப்பு திறக்கவில்லை, ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சிட்டது, இரண்டு பேர் வரவில்லை என்று ஏதாவது ஒன்று நடக்கும். இருவர் வராவிட்டால் மேடை 14 நிமிடம் முந்திக்கொள்ளும். அடுத்தவர் இன்னும் வந்திருக்க மாட்டார், அவர் மேல் தவறும் கிடையாது. அப்போது மேடை சும்மா கிடக்கும்.

### வழி 3: தொகுதி முன்கூட்டியே, தொகுதிக்குள் வரிசை அங்கேயே

18 பேரை ஆறு ஆறு பேராக மூன்று தொகுதிகளாக முந்தைய நாள் குலுக்கிப் பிரிப்பது. யார் எந்தத் தொகுதி என்பது மட்டும் வெளியே தெரியும். தொகுதிக்குள் யார் முதலில் என்ற சீட்டை அந்தத் தொகுதி வந்து பதிந்த பிறகு எடுப்பது.

ஒரு தொகுதிக்கு 42 நிமிடம். தொகுதிகளுக்கு நடுவே 8 நிமிட இடைவெளி வைத்தால் கால அட்டவணை இப்படி வரும்:

| தொகுதி | வருகைப் பதிவு | சீட்டு எடுப்பது | முதல் நிகழ்ச்சி | முடிவு |
|---|---|---|---|---|
| 1 | 9.00 | 9.15 | 9.30 | 10.12 |
| 2 | 9.50 | 10.05 | 10.20 | 11.02 |
| 3 | 10.40 | 10.55 | 11.10 | 11.52 |

எந்தத் தொகுதியிலும் கடைசியாக ஆடுபவருக்குக் காத்திருப்பு 65 நிமிடத்தைத் தாண்டாது. போட்டி மொத்தத்தில் 16 நிமிடம் நீளும். அந்த 16 நிமிடம் வீண் அல்ல. முதல் தொகுதியில் ஏற்படும் தாமதத்தை அது விழுங்கிக்கொள்ளும், நடுவர்கள் தண்ணீர் குடிப்பார்கள், தாள் கைமாறும்.

மறைமுகச் செலவு ஆள்பலத்தில் இருக்கிறது. மேடைப் பொறுப்பாளர் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் அடுத்த தொகுதி வந்து பதிய வேண்டும். ஆகவே பதிவு மேசைக்கும் சீட்டுக்கும் தனி ஆள் கட்டாயம். ஒரே ஆளை இரண்டுக்கும் போட்டால் இந்த முறை இரண்டாம் தொகுதியிலேயே குலைந்துவிடும். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வரிசைச் சாய்வு இதனால் மறைந்துபோகாது. முதல் தொகுதி என்ற பாதகம் அப்படியே இருக்கிறது. அதைத் தாளின் வழியாகத்தான் குறைக்க முடியும், கீழே அதற்கு வருகிறேன்.

தாமதமாக வருபவரை என்ன செய்வது என்பதை மூன்று வழிகளிலும் எழுதிவைத்தே ஆக வேண்டும். மூன்று முறை அழைத்தும் வராதவரைக் கடைசிக்குத் தள்ளுவதுதான் வழக்கம். பின்னால் ஆடுவது ஆதாயம் என்றால் தாமதத்துக்கு அது பரிசாகிவிடுகிறது. என் பரிந்துரை வேறு. அவர் முறை வெறுமையாகப் போகட்டும், மேடை அடுத்தவருக்குப் போகட்டும். தாமதமாக வந்தவர் அந்தத் தொகுதி முடிவதற்குள் வந்து சேர்ந்தால், ஏற்கெனவே மேடை ஓரத்தில் தயாராக நிற்பவர் ஆடிய உடனே இவர் ஏற வேண்டும். தொகுதி முடிந்துவிட்டால் வாய்ப்பு இல்லை. இன்னொரு மேடையில் ஆடிக்கொண்டிருந்ததால் வர முடியாமல் போனவருக்கு மட்டும் விலக்கு. அந்த மேடைப் பொறுப்பாளர் நேரம் குறித்துக் கையெழுத்திட்ட சீட்டு இருந்தால் அடுத்த தொகுதியில் சேர்க்கலாம்.

மூன்றையும் அளவுகோல்களோடு வைத்துப் பார்த்தால்:

| | வழி 1 | வழி 2 | வழி 3 |
|---|---|---|---|
| அதிகக் காத்திருப்பு | சுமார் 2½ மணி நேரம் | சுமார் ½ மணி நேரம் | 65 நிமிடம் |
| வரிசை கசியும் வாய்ப்பு | இல்லை | அதிகம் | தொகுதி மட்டும் தெரியும் |
| மேடை சும்மா கிடப்பது | அரிது | அடிக்கடி | அரிது |
| கூடுதல் ஆள் | வேண்டாம் | வேண்டாம் | பதிவு மேசைக்கு ஒருவர் |
| பொருந்தும் அளவு | 8 பேர் வரை | பொருட்கள் அதிகம் வேண்டிய குழுப் போட்டி | 10 பேருக்கு மேல் |

வழி 2-ஐ அடியோடு தள்ளவில்லை. நாடகம், குழு நடனம் போன்றவற்றில் ஒவ்வொரு குழுவுக்கும் மேடைப் பொருட்களை ஏற்றி இறக்கவே பத்து நிமிடம் பிடிக்கும். அங்கே யார் பின்னால் யார் என்று முன்கூட்டியே தெரியாவிட்டால் வேலை நடக்காது. நாடகத்தைப் பார்த்ததும் எந்தப் பள்ளி என்று நடுவருக்கு எப்படியும் புரிந்துவிடும் என்பதால், கசிவைப் பற்றிய கவலையும் அங்கே குறைவு.

## தாளை எப்போது வாங்குவது

### ஒருவருக்கு ஒரு தாள், உடனே வாங்குவது

நிகழ்ச்சி முடிந்ததும் நடுவர் எழுதிக் கொடுத்துவிடுவார். யாரும் பிறகு திருத்த முடியாது, கூட்டும் வேலை அப்போதே தொடங்கிவிடும், முடிவு சீக்கிரம் வரும். முறைகேடு பற்றிய சந்தேகம் ஏற்கெனவே கிளம்பியிருக்கும் விழாவில் இதுதான் பாதுகாப்பு.

ஆனால் முதலில் ஆடியவருக்கு 68 போட்ட நடுவருக்கு, ஐந்தாவது ஆளைப் பார்த்த பிறகு அந்த 68 குறைவு என்று தோன்றினால் செய்வதற்கு ஒன்றுமில்லை. தாள் போய்விட்டது. தான் என்ன போட்டோம் என்பதே நினைவில் இருக்காது. அதனால் அளவு மெல்ல மேலே நகரும். முன்னால் சொன்ன சாய்வுக்கு இந்த முறை துணைபோகிறது.

### எல்லாருக்கும் ஒரே தாள், கடைசியில் வாங்குவது

18 எண்களும் ஒரே பக்கத்தில். நடுவர் ஒப்பிட்டு, முன்னும் பின்னும் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் 16-ஆவது ஆளைப் பார்க்கும்போது 2-ஆவது ஆள் எப்படி ஆடினார் என்பது மங்கிப்போயிருக்கும். அப்போது திருத்துவது நினைவை வைத்து அல்ல, தாளில் உள்ள எண்ணை வைத்துத்தான். இடையில் மூன்று நடுவர்களும் பேசிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. ஒருவர் “அந்த ஏழாம் எண் பிரமாதம்” என்று சொன்னால் போதும், மற்ற இருவர் பேனாவும் நகரும். அப்புறம் மூன்று தனித் தீர்ப்புகள் இருக்காது, ஒரே தீர்ப்பின் மூன்று நகல்கள்தான் இருக்கும்.

### தொகுதிக்கு ஒரு தாள்

ஆறு வரிகள் மட்டும் உள்ள தாள். தொகுதி முடிந்ததும் இடைவெளியில் நடுவர் ஆறு பேரையும் ஒருமுறை பார்த்துத் திருத்திக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறார். ஆறு நடனங்கள் மனதில் நிற்கும் அளவுதான். வரிசைக்குத் தொகுதி முறையை எடுத்தவர்கள் தாளுக்கும் இதையே எடுப்பது நல்லது. அந்த 8 நிமிட இடைவெளி இதற்காகவும்தான் இருக்கிறது.

முதல் தொகுதியின் பாதகத்தைக் குறைக்க ஒரு வழி, போட்டியில் சேராத ஒரு மாணவரை 9.20-க்கு ஆடவைத்து மூன்று நடுவர்களையும் தனித்தனியாக மதிப்பெண் போடச் சொல்வது. பிறகு தாள்களை மேசையில் வைத்து ஒப்பிடலாம். ஒருவர் 82, இன்னொருவர் 79, மூன்றாமவர் 55 என்று போட்டிருந்தால், 55 போட்டவர் கண்டிப்பானவர் என்பது போட்டி தொடங்கும் முன்பே தெரிந்துவிடும். “நடுத்தரமான ஆட்டத்துக்கு 70 என்று வைத்துக்கொள்வோம்” என்று மூவரும் அப்போதே ஒத்துக்கொள்ளலாம். போட்டி தொடங்கிய பிறகு நடுவர்கள் பேசிக்கொள்வது கேடு, தொடங்கும் முன் பேசிக்கொள்வது அவசியம்.

தாளின் அமைப்பில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். பல நடுவர்கள் மொத்தத்தை மனதில் முடிவு செய்துவிட்டு, பிறகு அதைத் தாளம், அசைவு, முகபாவம் என்று பங்கிட்டு எழுதுகிறார்கள். ஒரே தாளில் 84 எடுத்தவருக்கும் 64 எடுத்தவருக்கும் கட்டங்களின் விகிதம் ஒன்றாகவே இருந்தால், நடந்தது அதுதான். மொத்தக் கட்டத்தைத் தாளின் வலக்கோடியில் தடித்த கோட்டுக்கு அப்பால் வைத்து, தொகுதி முடிந்த பிறகே அதை நிரப்பச் சொன்னால் இந்தப் பழக்கம் ஓரளவு குறையும். திருத்தினால் பழைய எண் படிக்கும்படி ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் புதிய எண்ணையும் சுருக்கக் கையெழுத்தையும் போட வேண்டும். 6-ஐ 8 ஆக்கியது போன்ற மேலெழுத்து இருக்கும் தாளை மதிப்பெண் கூட்டுபவர் வாங்கவே கூடாது. நேரம் மீறியதற்கான கழிவை நேரக்காப்பாளர் தனித் தாளில் எழுத வேண்டும், நடுவர் தன் மதிப்பெண்ணில் கழிக்கக் கூடாது. இல்லாவிட்டால் சிலருக்கு அது இருமுறை கழிந்துவிடும்.

## எப்படிக் கூட்டுவது

இங்கேதான் முடிவே மாறுகிறது. மூன்று நடுவர்கள், நான்கு போட்டியாளர்கள் என்று சின்ன உதாரணம் போதும். ஒவ்வொரு நடுவருக்கும் 100 மதிப்பெண்.

| குறியீட்டு எண் | நடுவர் அ | நடுவர் ஆ | நடுவர் இ | கூட்டல் | இடங்களின் கூட்டல் | நடு மதிப்பெண் |
|---|---|---|---|---|---|---|
| 104 | 84 | 82 | 58 | 224 | 1+1+4 = 6 | 82 |
| 107 | 81 | 80 | 92 | 253 | 2+2+1 = 5 | 81 |
| 111 | 78 | 77 | 70 | 225 | 3+3+2 = 8 | 77 |
| 115 | 74 | 75 | 64 | 213 | 4+4+3 = 11 | 74 |

இரண்டு நடுவர்கள் 104-ஐத்தான் முதலிடத்தில் வைத்திருக்கிறார்கள். நேரடியாகக் கூட்டினால் 104 மூன்றாமிடத்துக்குப் போகிறார். இடங்களைக் கூட்டினால் இரண்டாமிடம். நடு மதிப்பெண்ணை எடுத்தால் முதலிடம். ஒரே தாள்களிலிருந்து ஒரே பிள்ளைக்கு மூன்று வெவ்வேறு இடங்கள் வருகின்றன. அதனால் கூட்டும் முறையைப் போட்டிக்கு முன்பே எழுதி ஒட்டாமல் இருப்பதுபோல் ஆபத்தானது வேறில்லை.

நேரடிக் கூட்டல். எல்லாருக்கும் புரியும், பெற்றோர் தாங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். மூவரும் ஒரே அளவில் போடும்போது இதுவே போதும். ஆனால் நடுவர் அ தன் நால்வருக்கும் 10 மதிப்பெண் வித்தியாசத்துக்குள் போட்டார், ஆ 7-க்குள், இ 34. வித்தியாசத்தை அதிகம் வைப்பவர் சொல்வதுதான் கூட்டலில் எடுபடும். அவர் அனுபவசாலியா, ஒருசார்புடையவரா என்பது கூட்டலுக்குத் தெரியாது.

இடங்களைக் கூட்டுவது. மதிப்பெண்ணை ஒவ்வொரு நடுவருக்கும் தனியே 1, 2, 3 என்று இடமாக்கி, இடங்களைக் கூட்டுவது. குறைந்த கூட்டல் முதலிடம். அகலமாகப் போடும் நடுவரின் ஆதிக்கம் அடங்கிவிடும். ஒரு நடுவர் இருவருக்குச் சமமாகப் போட்டிருந்தால், அந்த இரு இடங்களின் சராசரியை இருவருக்கும் கொடுக்க வேண்டும். கணினியில் விரிதாள் வைத்திருந்தால் நடுவர் அ-வின் மதிப்பெண்கள் B2 முதல் B19 வரை இருக்கும்போது இப்படி:

```
=RANK.AVG(B2,B$2:B$19,0)
```

இதன் மறைமுகச் செலவு, வெற்றியில் தொடர்பே இல்லாத ஒருவர் விலகினால்கூட முதலிடம் ஆடும் என்பது. மேலே உள்ள அட்டவணையில் கடைசியாக வந்த 115 ஏதோ விதிமீறலால் நீக்கப்படுகிறார் என்று வையுங்கள். நடுவர் இ-யின் தாளில் 104-இன் இடம் 4-இலிருந்து 3 ஆகிறது. 104-க்கு 1+1+3 = 5, 107-க்கு 2+2+1 = 5. முதலிடத்தில் சமநிலை! 111-உம் நீக்கப்பட்டால் 104-க்கு 4, 107-க்கு 5, முதலிடமே கைமாறிவிடும். இது ஏட்டுக் கணக்கு அல்ல. இடங்களை வைத்து முடிவு செய்த காலத்தில், 1995 உலகப் பனிச்சறுக்கு நடனச் சாம்பியன்ஷிப் மகளிர் பிரிவில், நான்காவதாக வந்த மிஷெல் குவான் ஆடி முடித்ததும், அதுவரை இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் இருந்த இருவர் தங்களுக்குள் இடம் மாறினார்கள். பள்ளி விழாவில் இடங்களைக் கூட்டுவதாக இருந்தால், நீக்கங்கள், நேரக் கழிவுகள், முறையீடுகள் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் இடமாக்கத் தொடங்க வேண்டும். பாதியில் ஒரு தற்காலிகப் பட்டியலை அறிவிக்கவே கூடாது.

இன்னொரு குறை, 84-க்கும் 83-க்கும் உள்ள தூரமும் 92-க்கும் 70-க்கும் உள்ள தூரமும் ஒரே ஓர் இடமாகச் சுருங்கிவிடுகிறது. தகுதி நிலைக்கு, அதாவது 80 விழுக்காட்டுக்கு மேல் எடுத்தவருக்கெல்லாம் முதல் நிலை என்பதுபோல வைத்திருக்கும் விழாவில், இடங்களை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதற்கு மதிப்பெண் சராசரியே வேண்டும்.

உச்சத்தையும் அடியையும் கழிப்பது. பனிச்சறுக்கு நடனத்தில் 2002 ஒலிம்பிக் நடுவர் சர்ச்சைக்குப் பிறகு கொண்டுவந்த புதிய முறையில் அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நீக்கிவிட்டு மீதியின் சராசரியை எடுக்கிறார்கள். ஐந்து நடுவர்கள் இருந்தால் மூவர் மிஞ்சுவார்கள், நல்ல முறை. மூன்று நடுவர்கள் மட்டும் இருந்தால் மிஞ்சுவது ஒரே ஒருவரின் எண், அதுதான் அட்டவணையில் உள்ள நடு மதிப்பெண். 82-க்கும் 81-க்கும் ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் கோப்பை போகிறது. 107-க்கு நடுவர் இ போட்ட 92-உம், 104-க்குப் போட்ட 58-உம் காற்றோடு போயின. ஒருசார்பான நடுவரிடமிருந்து இது காப்பாற்றும். நேர்மையாக மாறுபட்ட நடுவரின் வாயையும் அடைத்துவிடும்.

## எந்த நிலைமைக்கு எது

8 பேருக்குள், ஒருவருக்கொருவர் நன்கு அறிந்த பள்ளிகளுக்குள் நடக்கும் சின்னப் போட்டி என்றால் ஒரே நேர வருகை, அங்கேயே குலுக்கல், ஒரே தாள், நேரடிக் கூட்டல். தொடங்கும் முன் ஒரு மாதிரி ஆட்டம் மட்டும் கட்டாயம்.

10 பேருக்கு மேல், மூன்று நடுவர்கள் என்றால் தொகுதி முறையை வரிசைக்கும் வருகைக்கும் தாளுக்கும் சேர்த்தே எடுங்கள். ஒன்றில் மட்டும் எடுத்தால் பயன் பாதிதான். முதல் மூன்று இடங்களை இடங்களின் கூட்டலால் முடிவு செய்து, சமநிலை வந்தால் மதிப்பெண் கூட்டலைப் பார்க்கலாம். தகுதி நிலையை மட்டும் மதிப்பெண் சராசரியால் கொடுக்கலாம். மாதிரி ஆட்டத்தில் மூவரும் 10 மதிப்பெண்ணுக்குள் ஒத்துவந்தால் நேரடிக் கூட்டலும் தவறில்லை. ஆனால் எந்த முறை என்பதை மாதிரி ஆட்டம் முடிந்த கையோடு, 9.30-க்கு முன், பதிவு மேசைக்குப் பின்னால் எழுதி ஒட்டிவிட வேண்டும். முதல் போட்டியாளர் மேடை ஏறிய பிறகு அதில் ஒரு எழுத்தும் மாறக் கூடாது.

ஐந்து நடுவர்கள் கிடைத்தால் உச்சமும் அடியும் கழித்த சராசரிதான் என் முதல் தேர்வு. இடங்களைக் கூட்டும்போது வரும் ஆட்டமும் இதில் இல்லை, தகுதி நிலைக்கும் அதே எண்ணே போதும்.

நாடகத்துக்கும் குழு நடனத்துக்கும் முந்தைய நாள் குலுக்கல், தாளை மட்டும் ஒவ்வொரு குழுவும் முடித்தவுடன் வாங்குவது. 40 நிமிட நாடகம் ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றுக்குள் போகும் நடுவரிடம், ஆறு நாடகங்களுக்குப் பிறகு முதல் நாடகத்தைப் பற்றிக் கேட்பதில் பொருள் இல்லை.

எந்த முறையை எடுத்தாலும், ஒவ்வொரு தொகுதித் தாளையும் இரண்டு பேர் ஒருவர் விடையை ஒருவர் பார்க்காமல் தனித்தனியாகக் கூட்ட வேண்டும். இரண்டு விடைகளும் ஒத்துவந்த பிறகே தாளை உறையில் போட்டு, நடுவர் மூவரும் உறையின் ஒட்டின் மேல் கையெழுத்திட வேண்டும். குறியீட்டு எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியல் வேறொரு ஆளிடம் இருக்கும். அது கூட்டும் அறைக்குள் வருவது எல்லாக் கூட்டலும் முடிந்து, நீக்கங்களும் கழிவுகளும் ஏறி, முதல் மூன்று எண்கள் ஒரு தாளில் எழுதப்பட்ட பிறகுதான்.